வைஃபையில் சேராத பெட்டி

திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் சீனுவாசனுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, அவர் எழுதிய பத்திரத்தில் யாரும் ஒரு வரிகூட அடிக்கக் கூடாது. இன்னொன்று, பிள்ளையார் சுழி போடாமல் அவர் கை எதையும் எழுதாது. மளிகைச் சீட்டுக்கும் சுழி, பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுத்தாளுக்கும் சுழி. மருமகள் கலைப்பிரியா கல்யாணமாகி வந்த புதிதில், "ஒரு கிலோ வெங்காயத்துக்கெல்லாம் பிள்ளையார எழுப்பணுமா மாமா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க அவரிடம் பேச்சு வாங்கினாள். அதன்பின் கேட்கவில்லை. மற்றபடி மாமனாருக்கும் மருமகளுக்கும் நல்ல ஒட்டுதல். மாமியார் போய்ச் சேர்ந்த வீட்டில் இருவரும் முறை வைத்துச் சமைத்தார்கள், முறை வைத்து ஒருவர் சமையலை ஒருவர் குறை சொன்னார்கள்.

கலைப்பிரியாவின் கணவன் கோகுலகிருஷ்ணன் சிங்கப்பூரில் மூன்று வருடமாக இருந்தான். அவள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். காலையில் பஸ், சாயங்காலம் பஸ், நடுவில் நாள் முழுக்க ஊராரின் ரத்தம். இவ்வளவையும் அவள் சமாளித்துவிடுவாள். சமாளிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். ஒன்பது வயது மகள் தேவயானி அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டிருந்தாள்.

சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். வீடியோ காலில் அவன், "சாப்டியாடா?" என்பான். இவள், "ம்" என்பாள். "ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்றால், "ஒண்ணுமில்ல." அதன்பின் போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு எழுந்து போவாள். போனில் ஓடும் அவன் முகத்தில் ஒரு நிமிடம் சிரிப்பு அப்படியே தங்கியிருக்கும், எடுத்து வைக்க இடம் தெரியாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் கலைப்பிரியா போனைத் தன் பக்கம் திருப்பி எதையாவது பேசுவாள். பேச எதுவும் இல்லாமல் போய்விட்டால் உறவு என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம்.

கோகுலுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும். அவன் தங்கியிருந்த அறையில் கூடத் தங்கியிருந்தவனிடம் ஒரு கேம் பெட்டி இருந்தது. டிவியில் மாட்டிக் கையில் பிடித்து விளையாடுவது. அதே மாதிரிப் பெட்டி ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கி, ஊருக்கு வரும் நண்பன் மூலம் கொடுத்தனுப்பினான். கூடவே ஒரு கார் ரேஸ் டிஸ்க். இரண்டு பேரும் இன்டர்நெட்டில் சேர்ந்தால் இவள் திண்டிவனத்தில் ஓட்ட, அவன் சிங்கப்பூரில் ஓட்ட, இரண்டு காரும் ஒரே ரோட்டில் போகும். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் நாலு மணிக்கு அவன் லீவாக இருப்பான், அறையில் கூட இருப்பவனும் பெட்டியை விட்டுக் கொடுப்பான். பேச்சு தானாக வரும் என்பது அவன் கணக்கு. கலைப்பிரியாவுக்கும் அது சரி என்றே பட்டது.

முதல் ஞாயிறு மூன்றரைக்கே அம்மாவும் மகளும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வீட்டில் வைஃபை உண்டு. வில்லங்கச் சான்று பார்க்கவும் பத்திர நகலை அனுப்பவும் வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு, கேபிள் டிவி சேட்டுவிடம் சொல்லி சீனுவாசன் போட்டது. பாஸ்வேர்டு பீரோக் கதவின் உட்புறம் அவர் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. மேலே நடுவில் பிள்ளையார் சுழி. கீழே, அச்சுக் கோத்தது போல ஆங்கிலத்தில் Seenu#1957.

பெட்டி வைஃபையைக் கண்டுபிடித்தது. டிவித் திரையில் எழுத்துப் பலகை வந்தது. கலைப்பிரியா ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை நகர்த்தி அழுத்தினாள். அந்த # குறிக்காகப் பலகையின் இரண்டாம் பக்கம் வரை தேடிப் போனாள். முடித்து ஓகே கொடுத்தால், திரை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, சேர முடியவில்லை, பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும் என்றது. மறுபடி. மறுபடி. பெரிய எஸ், சின்ன எஸ், எல்லாம் பார்த்தாயிற்று. அவள் கையிலிருந்த போன் அதே வைஃபையில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு கோகுல் போன் செய்தான். "இன்னாச்சு? நான் ரோட்டுல ஒண்டியா நின்னுக்கினு இருக்கேன்."

"சேர மாட்டேங்குது. நானும் ஒரு மணி நேரமா மல்லுக்கட்டிக்கினு இருக்கேன்."

தேவயானி எழுந்தாள். "விடும்மா. அது வராது" என்றாள். வெறும் பெட்டியைப் பற்றிச் சொன்ன மாதிரி கலைப்பிரியாவுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள், அடுத்த ஞாயிறு இது ஓடியாக வேண்டும்.

புதன்கிழமை பெட்டியைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். வேலை முடிந்ததும் அங்கிருந்து விழுப்புரம் பஸ் ஏறினாள். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரேம்குமார் என்பவர் கேம் சென்டர் வைத்திருந்தார். பெட்டிகளைப் பழுதும் பார்ப்பார். லேபில் கூட வேலை செய்யும் செந்தாமரை சொன்ன விலாசம்.

பிரேம்குமார் பெட்டியை மாட்டினார், தன் கடை வைஃபையின் பாஸ்வேர்டைப் போட்டார். முதல் தடவையிலேயே சேர்ந்துகொண்டது. கலைப்பிரியாவுக்கு எரிச்சலாக வந்தது. அவள் வீட்டில் அத்தனை முரண்டு பிடித்த பெட்டி அடுத்தவர் கடையில் அவ்வளவு சமர்த்து.

"பெட்டில ஒண்ணும் இல்ல மேடம். கோளாறு உங்க வீட்டு ரவுட்டர்ல இருக்கணும். ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, பாதுகாப்பு மோடு. சில ரவுட்டர்ல புது மோடு மட்டும்னு வெச்சிருப்பாங்க, பழைய பெட்டிக்கு அது புரியாது. பழசு புதுசு ரெண்டும் கலந்தாப்ல மாத்தணும். இன்னொண்ணு பாஸ்வேர்டு. உங்களுது இன்னா?"

சொன்னாள்.

"இந்த # இருக்கே, அதுமாதிரி குறிங்க சில பெட்டிக்கு ஒத்துக்காது. எனக்கு இந்த மாடல்ல அப்படி வந்ததில்ல. இருந்தாலும் வெறும் எழுத்தும் நம்பருமா மாத்திப் பாருங்க. அப்டேட்டெல்லாம் இங்கியே இறக்கிக் குடுத்துடறேன், வீட்ல போய்க் காத்துக்கினு இருக்க வேணாம்" என்றார். நல்ல மனிதர். காபியும் வரவழைத்தார்.

கலைப்பிரியா வீட்டுக்கு வந்ததும் முதலில் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். பெட்டி சேர்ந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடு வருவதே பெரிய பாடு. கார் இரண்டு அடி ஓடும், நின்று யோசிக்கும், திடீரென்று சுவருக்குள் இருக்கும். தேவயானி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாஸ்வேர்டை மாற்றும் பேச்சை எடுத்ததும் மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்தறதா? அது ராசியான பாஸ்வேர்டும்மா. அது போட்ட மாசந்தான் கோகுலுக்குப் புது கம்பெனில எடுத்தாங்க. என் மேல தாராபுரத்தான் போட்ட கேஸும் அப்பத்தான் முடிஞ்சுது. பெட்டிதான் சரியில்ல. அத வேணா மாத்தச் சொல்லு."

அவரோடு வாதாடுவதைவிட எருமையிடம் வழி கேட்டு நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். ரவுட்டரின் மோடை மாற்றினாலே தீரக்கூடும், # குறியைத் தொட வேண்டியிருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு சேட்டுவுக்குப் போன் போட்டாள். அவனோ, வெள்ளி வர்றேன், சனி வர்றேன் என்று இழுத்தடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வண்டியை வாசலில் நிறுத்தினான். சீனுவாசன் அன்று மயிலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்.

"இந்நேரத்துக்கு வந்திருக்கியே சேட்டு, நாலு மணிக்கு அவங்கப்பா வந்துடுவாரு."

"அண்ணன் ஊருக்கு வர்றாரா?"

"டிவில வருவாரு. நீ வேலையப் பாரு."

சேட்டு அவள் போனை வாங்கி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். "அக்கா, உங்க கடைக்காரு சொன்னது கரெக்ட்டு. இதுல புது மோடு மட்டும்னு இருக்குது. கலந்தாப்ல மாத்தறேன்" என்று மாற்றினான். ரவுட்டர் விளக்குகள் அணைந்து எரிந்தன. போன் தானாக மறுபடி சேர்ந்தது. கலைப்பிரியா பெட்டியில் பாஸ்வேர்டை அடித்தாள். திரை சுற்றியது.

பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும்.

மணி மூன்று இருபது. தேவயானி அறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, வேண்டுமென்றே எங்கோ பார்த்தாள்.

"பாஸ்வேர்ட மாத்திரலாமா அக்கா? ரெண்டு நிமிஷ வேல."

"மாமா இல்லாம முடியாது. அப்புறம் நான் இந்த வீட்ல குடியிருக்க முடியாது."

"அதுவும் நெஜந்தான். அவரு எழுதினத அடிச்சா சாமியாடிடுவாரு." சேட்டு தலையைச் சொறிந்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, தன் போனை எடுத்து, பீரோக் கதவைப் பார்த்து அதே பாஸ்வேர்டை அடித்தான். அவன் போனும் சேரவில்லை. இன்னொரு தடவை அடித்தான். ஊஹூம்.

"அக்கா, பெட்டி மேல தப்பில்ல. இந்த பாஸ்வேர்டே தப்பு."

"எப்படித் தப்பு? என் போன் ஓடிக்கினு இருக்குதே!"

"உங்க போன்ல யாரு போட்டது?"

யோசித்தாள். "மாமாதான். அவரு போனுலயும் அவரே. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வாங்கி அவரே போட்டுக் குடுத்தாரு. அப்புறம் போனு ஞாபகம் வெச்சிக்கிச்சு."

மாமனாருக்குப் போன் போட்டாள். பின்னணியில் நாதஸ்வரம். "பாஸ்வேர்டா? பெரிய எஸ், ரெண்டு ஈ, என், யு, அப்புறம் அந்தக் குறுக்குக் கோடு போட்டது, ஒண்ணு ஒம்போது அஞ்சு ஏழு. பீரோல இருக்குதே! நான் கூட்டேரிப்பட்டு வந்துட்டேன், பஸ் ஏறிக்கினு இருக்கேன், வெச்சிடு." நாதஸ்வரம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் போட்டிருப்பார்கள்.

அவர் சொன்னது கதவில் இருந்ததுதான். எழுத்துக்கு எழுத்து சரி. ஆனாலும் சேரவில்லை. கலைப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மனுஷன் ஒருத்தன் கடல் தாண்டி ஒரு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான், மகள் இங்கே வாசல்காலைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறாள், நடுவில் பத்து எழுத்து.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சீனுவாசன் வந்தார், நெற்றியில் விபூதியும் கையில் தாம்பூலப் பையுமாக.

"இன்னா கூட்டம்? கொண்டா, நான் போடறேன்" என்று சேட்டுவின் போனை வாங்கினார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "உன் போன்ல தமிழ் இருக்குதா?"

"இருக்குது. எதுக்குங்க ஐயா?"

விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினார். நிதானமாக 'உ' அழுத்தினார். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றி, மீதியை அடித்தார். போன் சேர்ந்தது.

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"இன்னா அப்படிப் பாக்கறீங்க?"

"ஐயா, பாஸ்வேர்டுக்குப் பிள்ளையார் சுழியா போட்டீங்க!"

"போடாம? வீட்டுப் பூட்டுக்குச் சமானம்னு நீதானடா சொன்னே. சுழி போடாம எப்படி ஆரம்பிக்கறது? நான் போட்டேன், உன் ரவுட்டரு ஏத்துக்கிச்சு."

"இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலியே மாமா! இப்பக்கூடப் போன்ல கேட்டேனே!"

சீனுவாசனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பாஸ்வேர்டு கேட்டே, சொன்னேன். பத்திரத்தப் படிச்சிக் காட்டும்போது யாராவது பிள்ளையார் சுழின்னு படிப்பாங்களா? அது பாட்டுக்கு மேல இருக்கும். கண்ணால பாத்துக்கணும். பீரோலதான் போட்டிருக்கேனே!"

போட்டிருந்தார். இரண்டு வருடமாக எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். அந்தக் கை எதற்கு மேல்தான் சுழி போடவில்லை, இதை மட்டும் யார் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள்? கலைப்பிரியாவுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

சேட்டு டிவியைக் காட்டினான். "ஐயா, இந்தப் பெட்டியோட பலகைல தமிழே இல்ல. இங்கிலீஷு இருக்குது, ரெண்டாவது பக்கத்துல குறிங்க இருக்குது. 'உ' எங்க போய்த் தேடறது? ஆயுசுக்கும் இது சேராது. மாத்தித்தான் ஆவணும்."

"பிள்ளையார எடுக்கச் சொல்றியா?" சீனுவாசன் குரல் ஏறியது. "நல்லா ஓடிக்கினு இருக்கற வீட்ல! ஒரு வெளையாட்டுச் சாமானுக்காக!"

டிவி பக்கத்தில் கலைப்பிரியாவின் போன் அடித்தது. கோகுல். அவள் எடுக்கவில்லை. மாமனார் முன்னால் வந்து நின்றாள். கோபித்தால் காரியம் கெடும், கெஞ்சினாலும் கெடும், இந்த மனிதரிடம் அவர் தொழிலை வைத்துத்தான் பேச வேண்டும் என்பது பத்து வருடத்தில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மாமா, பத்திரத்துல சுழிய எங்க போடுவீங்க?"

"தலைல. நடுவுல. இது இன்னா கேள்வி?"

"சொத்து விவரத்துக்குள்ள போடுவீங்களா? கிழக்கே இன்னாரு மனை, மேற்கே வாய்க்கால்னு வரும்ல, அந்த வரில?"

"அங்க எதுக்குப் போடணும்? அப்படி எழுதினா பத்திரமா அது?"

"அப்ப பாஸ்வேர்டு சொத்து விவரம் மாதிரிதான மாமா? உள்ள பூட்டி வெக்கறது. தலைப்புன்னா வைஃபையோட பேருதான். அதுதான் எல்லார் கண்ணுலயும் படுது. நீங்க பிள்ளையாரத் தலைல வெக்காம, யாரும் பாக்காத எடத்துல ஒளிச்சி வெச்சிருக்கீங்க."

முப்பது வருடத்தில் சீனுவாசன் எழுத்தில் யாரும் பிழை கண்டதில்லை. தாம்பூலப் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"பேர்ல போட முடியுமாடா?" என்றார் சேட்டுவிடம், தாழ்ந்த குரலில்.

"ஜம்முனு போடலாங்க ஐயா. பேரு தமிழ்லயே வெக்கலாம். பெட்டியில எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமாத் தெரியும், ஆனா பேர யாரும் அடிக்கத் தேவல, பட்டியல்ல பாத்துத் தொட்டாப் போதும்."

"அப்ப செய். சுழி முதல்ல. அப்புறம் பேரு. # இருக்கட்டும், அது ஒண்ணும் பண்ணலியே?"

"அது பாவம், ஒண்ணும் பண்ணல."

சேட்டு பாஸ்வேர்டிலிருந்து சுழியை எடுத்து வைஃபையின் பெயருக்கு முன்னால் வைத்தான். வீட்டுப் போன்கள் எல்லாம் வைஃபையை விட்டு விழுந்தன, பாஸ்வேர்டை அடித்ததும் புதுப் பெயரில் மறுபடி சேர்ந்தன. கலைப்பிரியா போனில் 'உ சீனுவாசன்' என்று வந்தது. டிவித் திரையின் பட்டியலில் அதே இடத்தில் வெறும் கட்டங்கள். "உள்ள இருக்காரு இல்ல?" என்று சீனுவாசன் கேட்டார். "இருக்காருங்க" என்றான் சேட்டு. அவள் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அதே பத்து எழுத்தை அடித்தாள், இரண்டாம் பக்கம் போய் # குறியையும் சேர்த்து. திரை சுற்றியது. சேர்ந்தது.

மணி நாலு இருபது. கோகுலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "இருக்கியா?"

"இருக்கேன். ரூம்ல கூட இருக்கறவன் சீக்கிரம் பெட்டியக் கேக்கறான். ஒரு ரேஸ் ஓட்டலாம்."

தேவயானி வந்து உட்கார்ந்தாள். வேண்டாவெறுப்பாக வருவதுபோல வந்தாள், ஆனால் ஓடி வந்தாள். திரையில் இரண்டு கார்கள். இவளுடையது சிவப்பு. அவனுடையது நீலம், அதன் தலைக்கு மேல் அப்பாவின் பெயர். கிளம்பிய மூன்றாவது நொடியில் நீலக் கார் நேராகப் போய் மரத்தில் மோதியது.

"ஐயோ அப்பா! பிரேக்கு! லெஃப்ட்டு பட்டன்!"

"எது லெஃப்ட்டு? ரெண்டு இருக்குதுடா!"

"கீழ இருக்கறது! நீ சுத்த பேஜாருப்பா! ரிவர்ஸ் எடு! அங்க இல்ல, அது ஆறு!"

நீலக் கார் ஆற்றில் விழுந்தது. தேவயானி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஒரே மூச்சில் அப்பாவிடம் இத்தனை வார்த்தை பேசி எவ்வளவு நாளாயிற்று என்று கலைப்பிரியா எண்ணப் பார்த்தாள், எண்ண முடியவில்லை. சேட்டு போக மனமில்லாமல் வாசல்படியில் நின்றான். சீனுவாசன் வாழைப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டு, தின்ன மறந்து, "அவன் சைக்கிளே அப்படித்தான் ஓட்டுவான்" என்று பெருமையாகச் சொன்னார்.

கடைசிச் சுற்று. சிவப்புக் கார் வெகுதூரம் முன்னால். எல்லைக்கோடு, கொடிகள், கைதட்டும் கூட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. கோட்டுக்கு ஒரு கார் நீளம் இருக்கும்போது தேவயானி பிரேக் அடித்தாள். கார் நின்றது.

"ஏன் நின்னுட்டே? போடா, நீ ஜெயிச்சிட்டே!" என்றான் கோகுல். அவன் எங்கோ மூன்று வளைவு பின்னால் வேலியில் உரசிக்கொண்டிருந்தான்.

"நீ வாப்பா."

"எனக்கு இன்னும் நேரம் ஆவும்டா. நீ போ."

"பரவால்ல. நீ வர்ற வரைக்கும் நிக்கறேன். மெதுவாவே வா, ஆத்துல வுழாம."

நீலக் கார் தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு வளைவாக, வந்துகொண்டிருந்தது. கலைப்பிரியா மகளின் பின்னால் உட்கார்ந்து அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். தேவயானி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அம்மா, தள்ளு, அப்பா வர்றாரு" என்றாள்.